மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு: ஐந்தாவது வரிக்கு என்ன பதில்?

கேள்வி: சென்னையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க்காக வேலை செய்கிறேன். பாஸ்வேர்டுகளை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். போன வாரம் ஆய்வுக்கு வந்த ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். சீட்டில் ஐந்து வரி. நாலு என்னுடையவை. ஐந்தாவது எங்கள் ஆபீசருடைய ஐ.டி.யும் பாஸ்வேர்டும். அவர் சாப்பிடப் போகும்போது கவுன்டர் நிற்கக் கூடாது என்று அவரே சொன்னது. இப்போது மெமோ வந்திருக்கிறது, ஏழு நாளில் பதில் தர வேண்டும். "நான் டைப் பண்ணும்போது நீங்களாகப் பார்த்து எழுதிக்கொண்டதாகச் சொல்லிவிடுங்கள், கிளார்க் கேஸ் என்றால் சின்னதாக முடிந்துவிடும், எனக்கு புரமோஷன் இருக்கிறது" என்கிறார் ஆபீசர். நல்ல மனிதர்தான். எழுதிக் கொடுக்கலாமா? வேலை போய்விடுமா? இத்தனை பாஸ்வேர்டை ஒரு மனுஷி எப்படித்தான் ஞாபகம் வைப்பது?
— பெயர் வேண்டாம், சென்னை 33

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஆபீசர் சொல்லும் கணக்கு எங்கே தப்புகிறது என்று பாருங்கள். இன்றைய நிலையில் உங்கள் மேல் இருப்பது கவனக்குறைவு, விதிமீறல். கிளார்க்குகளின் ஒழுங்கு நடவடிக்கைக்கு அடிப்படை வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் 2002 ஏப்ரல் 10 அன்று கையெழுத்திட்ட பைபார்டைட் செட்டில்மென்ட். வேலையில் கவனக்குறைவு, வங்கியின் நடைமுறை விதியை மீறுவது இரண்டையும் அது சிறு குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கான தண்டனை எச்சரிக்கை, பதிவேட்டில் பாதகக் குறிப்பு, அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம். கேஸ் அந்தப் பட்டியலுக்குள் நிற்கும் வரை வேலை போகாது. ஆனால் "அவருக்குத் தெரியாமல் பார்த்து எழுதிக்கொண்டேன், பயன்படுத்தினேன்" என்று உங்கள் கையெழுத்திலேயே கொடுத்துவிட்டால் அது வேறு குற்றம். இன்னொருவரின் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் வரை போகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பெரும்பாலும் போகாது. ஆனால் நாளைக்கு அந்த ஆபீசர் ஐ.டி.யில் நடந்த ஏதோ ஒரு என்ட்ரி தப்பு என்று தெரிந்தால், முதலில் எடுத்துப் பார்க்கும் காகிதம் உங்கள் கடிதமாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு என்ட்ரி இருக்கவே இருக்காது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மானிட்டரில், கீபோர்டுக்கு அடியில், மேஜை டிராயரின் உள்பக்கத்தில், கால்குலேட்டரின் முதுகில் என்று சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரின் சொந்த பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் அதை உடனே மாற்றச் சொல்லிவிட்டு, அறிக்கையில் ஒரு பத்தி எழுதுவேன், அவ்வளவுதான். இரண்டாவது பெயர் இருந்தால் அந்தக் கிளையை விட்டு நான் சீக்கிரம் கிளம்ப மாட்டேன். உங்கள் ஆடிட்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் போட்டோ எடுத்தது நாலு வரிக்காக அல்ல.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வங்கியில் ஒரு தொகைக்கு மேற்பட்ட எந்தப் பதிவையும் ஒரே ஆள் முடிக்க முடியாது. கவுன்டரில் இருப்பவர் என்ட்ரி போடுவார், ஆபீசர் அதைப் பார்த்து ஓகே செய்வார். மேக்கர், செக்கர் என்பது வங்கிக்காரர்கள் வாயில் தினமும் வரும் வார்த்தை. எல்லாக் கிளைகளின் கணக்கும் ஓடும் சி.பி.எஸ். மென்பொருளுக்கு ஆளைத் தெரியாது, ஐ.டி.யைத்தான் தெரியும். இரண்டு ஐ.டி.யும் ஒரு நாற்காலியில் இருந்தால் அந்த நாற்காலியில் உட்காருபவர் யாரானாலும் தனியாகவே எல்லாவற்றையும் முடித்துவிடலாம். நாற்காலியில் எப்போதும் நீங்கள்தான் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி.

ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு கிளைக்கு ஆய்வுக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மூன்றாம் கவுன்டரில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். வியாபாரிகள் அவரைத் தேடி வந்து வரிசையில் நிற்பார்கள், கை அவ்வளவு வேகம். மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு சீட்டு. மூன்று வரி: அவருடைய சி.பி.எஸ். பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, பக்கத்து ஆபீசரின் ஐ.டி.யும் பாஸ்வேர்டும். சீட்டைப் பிரித்து ஒரு கவரில் போட்டு ஒட்டி, அவரும் நானும் மேனேஜரும் மேலே கையெழுத்துப் போட்டோம். (உங்கள் ஆடிட்டர் பாஸ்வேர்டு தெரியும்படி தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார் என்றால் அதுவும் சரியான முறை அல்ல. உங்கள் ரகசியம் இப்போது அவர் போன் கேலரியிலும் இருக்கிறது. அந்த பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று அவரே போட்டுப் பார்த்தாரானால் அது இன்னும் பெரிய தப்பு.)

பிறகு தலைமை அலுவலகத்தின் டேட்டா சென்டரிடம் அந்த ஆபீசர் ஐ.டி.யின் மூன்று மாத லாக் கேட்டேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த டெர்மினல், என்ன பதிவு என்று எல்லாம் அதில் இருக்கும். இப்படியொரு தடம் இருந்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப நெறிமுறைகளே சொல்கின்றன. அதற்கு முன்பும் இருந்தது, கேட்பவர்கள்தான் குறைவு.

லாக்கைப் பார்த்த சில நிமிடத்தில் கதை தெரிந்துவிட்டது. அங்கே ஒரே ஐ.டி.யை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் திறக்க முடியாது. அதனால் ஆபீசர் தன் டெர்மினலில் வெளியே வந்தால்தான் கிளார்க் தன் டெர்மினலில் அதைத் திறக்கலாம். மதியம் 1.28க்கு ஆபீசர் டெர்மினலில் லாக் அவுட், 1.31க்கு மூன்றாம் கவுன்டரில் லாகின், 2.06க்கு அங்கே லாக் அவுட், 2.10க்கு மறுபடி ஆபீசர் டெர்மினலில் லாகின். அனேகமாக எல்லா வேலை நாளிலும் இந்த வரிசை. நடுவில் என்ட்ரி விழுந்த இருபது வினாடிக்குள் செக்கர் ஓகே. காசோலையின் தேதி, எழுத்தில் உள்ள தொகை, திரையில் வரும் கையெழுத்து மாதிரி எல்லாம் பார்த்து ஓகே செய்கிறவருக்கு அந்த நேரம் போதாது. அந்த அரை மணி நேரத்தில் அந்தக் கிளையில் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேட்டோம். மறைக்கவில்லை. "சார்தான் கொடுத்தார், கூட்டம் நிற்கிறதே என்று நான் போட்டேன்" என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். ஆபீசர் மறுத்தார், கொடுக்கவே இல்லை என்றார். சரி, லாக்கை விடுப்புப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தோம். ஆபீசர் விடுப்பில் இருந்த இரண்டு நாளிலும் அவருடைய ஐ.டி. மூன்றாம் கவுன்டரில் வேலை செய்திருந்தது. அந்த நாட்களின் வவுச்சர் கட்டை எடுத்துப் பிரித்தால், அதே பதிவுகளின் வவுச்சர்களில் ஆபீசரின் கையெழுத்து. விடுப்பு முடிந்து வந்து உட்கார்ந்து வரிசையாகப் போட்டிருக்கிறார். தெரியாமல் திருடப்பட்ட பாஸ்வேர்டில் நடந்த பதிவுக்கு யாராவது மறுநாள் கையெழுத்துப் போடுவார்களா? அவருடைய மறுப்பு அங்கேயே விழுந்தது.

அதோடு முடிந்திருந்தால் இது சாதாரண கேஸ். பதிவேட்டை ஒப்பிட்டுக்கொண்டே வந்தபோது இன்னொரு தேதி தடுக்கியது. அன்றைக்குக் கிளார்க்கே விடுப்பு. அக்கா மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். ஆனால் மாலை 5.40க்கு அவருடைய ஐ.டி. அவருடைய டெர்மினலிலேயே திறந்திருக்கிறது. அது மூடியதும் ஆபீசர் ஐ.டி. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு வேலை செய்திருந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் தொடாமல் கிடந்த, செயல்படாத கணக்கு ஒன்றை எழுப்பி, அதில் இருந்த செல்போன் எண்ணை மாற்றியிருந்தார்கள். அன்று பணம் எதுவும் நகரவில்லை. ஒரு வாரம் கழித்து, மதிய நேரத்தில், அந்தக் கணக்கிலிருந்து 45,000 ரூபாய் வேறு ஒரு கணக்குக்குப் போயிருந்தது. என்ட்ரி கிளார்க் ஐ.டி., ஓகே ஆபீசர் ஐ.டி., டெர்மினல் மூன்றாம் கவுன்டர்.

முதல் படியிலிருந்து கும்பகோணம் அவரைக் காப்பாற்றிவிட்டது. இரண்டாவது படி நடந்த நாளில் அவர் கிளையில்தான் இருந்தார். "நான் செய்யவில்லை சார்" என்றார். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? அவருடைய ஐ.டி., அவருடைய பாஸ்வேர்டு, அவருடைய டெர்மினல், அவர் வேலைக்கு வந்திருந்த நாள். லாக்கில் அவர் செய்த நூறு பதிவும் இந்த ஒரு பதிவும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒட்டிய சீட்டு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். தன்னுடைய பெயரில் நடந்த ஒன்றை "இது நான் இல்லை" என்று சொல்லி நிரூபிக்கும் வழியே அவரிடம் இல்லை.

சி.சி.டி.வி. காப்பாற்றியது. பதிவு இன்னும் அழியாமல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்த நேரத்துப் படத்தில் அவர் சாப்பாட்டு அறைக்குள் போவதும், பக்கத்து கவுன்டர்காரர் அவர் நாற்காலியில் வந்து உட்காருவதும் தெரிந்தது. இன்னும் சில மாதம் தாமதமாக நாங்கள் போயிருந்தால் அந்தப் படத்தின் மேல் புதுப் படம் பதிவாகியிருக்கும். பணம் போன கணக்கு அந்தப் பக்கத்து கவுன்டர்காரரின் உறவினருடையது என்பது அப்புறம் வெளிவந்தது. அவருக்கு வேலை போனது. ஆபீசருக்குப் பெரிய தண்டனை. கிளார்க்குக்கு ஆறு மாத இன்கிரிமென்ட் நிறுத்தம்.

இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சி.சி.டி.வி. படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஏன் தோன்றியது? அவர் முதல் நாள் எழுதிக் கொடுத்த கடிதம் லாக்கோடும் வவுச்சரோடும் வரிக்கு வரி பொருந்தியது. அதனால் இந்த ஒரு பதிவை அவர் மறுத்தபோது, மறுப்பை நம்பித் தேடினோம். "ஆபீசர் டைப் பண்ணும்போது பார்த்து எழுதினேன்" என்று அவர் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டைத் திருடியவர், தூங்கும் கணக்கை எழுப்பியவர், பணத்தை எடுத்தவர் என்று மூன்றும் ஒரே ஆள் பெயரில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்திருக்கும். தேடியிருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் சீட்டு எத்தனை நாள் அங்கே இருந்தது, யார் யார் அந்தப் பக்கம் வந்து போனார்கள்? ஏ.சி. மெக்கானிக், தற்காலிகப் பணியாளர், ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்புகிறவர்கள், கவுன்டர் மேல் சாய்ந்து நிற்கும் வாடிக்கையாளர்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாரும் பட்டுப் புடவையில் நின்று எடுத்த படம் எத்தனை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது? பின்னால் சீட்டும் தெரியும். சிரிக்க வேண்டாம், அமெரிக்காவில் ஹவாய் மாநிலத்தின் பேரிடர் எச்சரிக்கை அலுவலகத்திலேயே இது நடந்தது. 2017இல் ஒரு செய்தி நிறுவனம் அங்கே எடுத்த படத்தில், ஒரு மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு சீட்டு தெரிந்தது. 2018 ஜனவரியில் அந்த அலுவலகத்திலிருந்து தவறான ஏவுகணை எச்சரிக்கை போனபோதுதான் பழைய படத்தை மக்கள் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அந்தத் தவறுக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் படம் உலகம் சுற்றி வந்தது.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் நாலு பாஸ்வேர்டையும் இன்னும் மாற்றவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் மாற்றுங்கள். ஆபீசருடையதை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்கள் அதைத் தொடவே கூடாது. அவர் மாற்றிவிட்டாரா என்று மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு மெயில் போதும். ஒருவேளை அவர் இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால், அந்த மெயில் போன தேதிக்குப் பிறகு அந்த ஐ.டி.யில் நடப்பதற்கு உங்களை இழுப்பது கஷ்டம்.

அடுத்து, அந்த ஐ.டி.யை நீங்கள் எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் பயன்படுத்தினீர்கள் என்று உட்கார்ந்து யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள். பென்ஷன் நாள், ஆபீசர் பயிற்சிக்குப் போன நாள், கலெக்ஷனுக்கு வெளியே போன நாள். நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களைத் தனியாக எழுதுங்கள். உங்கள் கேஸுக்கு அந்த இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். வவுச்சர்களைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே கொண்டுபோனது புதுக் குற்றமாகிவிடும். தேதிகளைக் குறித்துக்கொண்டு, விசாரணை என்று வந்தால் அந்த ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள், அது உங்கள் உரிமை. லாக்கில் என்ன இருக்கிறது என்று டேட்டா சென்டரில் தெரிந்தவர் மூலமாக விசாரிக்கும் யோசனையும் வேண்டாம்.

பதில் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஏறத்தாழ இப்படி:

> "எனது மேஜையில் உள்ள மானிட்டரில் பாஸ்வேர்டுகளை எழுதி ஒட்டி வைத்திருந்தது உண்மை. அது வங்கியின் விதிக்கு மாறானது. அந்தச் சீட்டில் இருந்த அதிகாரியின் ஐ.டி.யும் பாஸ்வேர்டும், அவர் இருக்கையில் இல்லாத நேரத்தில் கவுன்டர் பணி நிற்காமல் இருக்க அவரால் என்னிடம் வாய்மொழியாகத் தரப்பட்டவை. வாடிக்கையாளர் நேரில் வந்து கேட்ட பணிகளுக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தினேன். நான் விடுப்பில் இருந்த நாட்களிலோ, இருக்கையில் இல்லாத நேரத்திலோ மேற்படி ஐ.டி.க்களில் பதிவுகள் ஏதும் இருந்தால் அவை என்னால் செய்யப்பட்டவை அல்ல. லாக் விவரத்தை விடுப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது பாஸ்வேர்டுகள் அனைத்தையும் இன்ன தேதியில் மாற்றிவிட்டேன்."

இந்தக் கடிதத்தில் ஆபீசர் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, அவர் கொடுத்தார் என்ற தகவல் மட்டும்தான் இருக்கிறது. "எல்லாக் கவுன்டரிலும் இப்படித்தான் நடக்கிறது" என்ற வாக்கியத்தைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம். உங்களுக்கு அதனால் பயன் இல்லை, பக்கத்தில் உட்காருகிறவர்கள் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் பேச மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் யூனியனில் ஒழுங்கு நடவடிக்கை கேஸ் பார்த்த அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தின் வார்த்தைகளை அவர் இன்னும் மெதுவாக்கச் சொல்லலாம், கேளுங்கள். மூன்றாவது வாக்கியத்தின் விஷயத்தை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். நகலில் தேதியோடு அக்னாலட்ஜ்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எதிராக ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீசர் உங்களிடம் பாஸ்வேர்டு கொடுத்ததற்கு எழுத்தில் எதுவும் இருக்காது. அவர் மறுத்தால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. வவுச்சரில் அவர் பின்னால் போட்ட கையெழுத்தும், தினமும் மதியம் ஐ.டி. இடம் மாறிய லாக்கும்தான் உங்கள் பக்கம் பேசும். அவரும் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்றால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பல வங்கிகளில் அந்தக் கருவி இப்போது இருக்கிறது. ஆனால் ரேகை சரியாகப் பதியவில்லை, கருவி கெட்டுவிட்டது என்று விலக்கு வாங்கி பாஸ்வேர்டிலேயே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். நான் ஆய்வுக்குப் போனால் முதலில் கேட்பது அந்த விலக்குப் பட்டியலைத்தான். உங்கள் ஆபீசர் அதில் இருக்கிறாரா என்று ஆடிட்டர் இந்நேரம் பார்த்திருப்பார்.

அவர் சாப்பிடப் போகும் நேரத்துக்கு முறையான வழி இல்லாமல் இல்லை. இன்னொரு ஆபீசருக்கு அந்த நேரத்து ஓகே செய்யும் வேலையைக் கொடுக்கலாம். அவர் நீண்ட நேரம் இருக்க மாட்டார் என்றால் வேறு ஒருவரின் அதிகார வரம்பை அந்த நாளுக்கு மட்டும் உயர்த்தி, வேலை முடிந்ததும் பழையபடி குறைக்கலாம். யார் கேட்டார், யார் அனுமதித்தார் என்று பதிவும் இருக்கும். அதற்கு ஒரு படிவமும் பத்து நிமிடமும் ஆகும். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போக ஒரு நொடி. ஆள் பற்றாக்குறையில் ஓடும் கிளையில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது மேனேஜர், நீங்கள் அல்ல.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நாலு சிஸ்டம், ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் காலாவதியாகும், பழையதைத் திரும்பப் போட்டால் ஏற்காது, சில தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் வரிசை வாசல் வரை நிற்கும்போது பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? மஞ்சள் சீட்டுகள் பிறப்பது அந்தப் பயத்தில்தான். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017லேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம், வெளியே போனதாகத் தெரிந்தால் மாற்றச் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் இருக்கும் ஒன்றை இரண்டாக்குகிறார்கள், அல்லது எழுதி ஒட்டுகிறார்கள். நம் வங்கிகள் பெரும்பாலும் இன்னும் பழைய வழியில்தான் இருக்கின்றன. உங்கள் வங்கியில் என்ன விதியோ அதற்குள்தான் நீங்கள் நடக்க வேண்டும்.

அதற்குள் நடக்க ஒரு வழி: ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். திருக்குறளின் முதல் அடி, குலதெய்வம், பிள்ளை பெயர், பஸ் நம்பர் வேண்டாம், அதைத்தான் எல்லாரும் வைக்கிறார்கள். உதாரணத்துக்கு முருங்கை, சைக்கிள், ஈரம், பதினேழு என்று எடுத்தால்:

```
Murungai-cycle-eeram17
```

இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது. காலாவதியாகும்போது கடைசி எண்ணை மட்டும் கூட்டாமல், சொற்களையே முழுசாக மாற்றுங்கள். புது பாஸ்வேர்டைத் திங்கட்கிழமை காலையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வைத்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். முதல் நாளில் வேண்டுமென்றே நாலைந்து தடவை லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே போங்கள். விரலுக்குப் பழகிவிட்டால் மூளையைக் கேட்க வேண்டியதில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால்? உங்கள் வங்கியின் விதி எழுதுவதையே தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடுக்கவில்லை என்றால் பாஸ்வேர்டை முழுசாக எழுதாமல் உங்களுக்கு மட்டும் புரியும் குறிப்பை எழுதி, எந்த சிஸ்டம், எந்த ஐ.டி. என்று போடாமல், பர்ஸில் பணத்தோடு வையுங்கள். பர்ஸ் தொலைந்தால் உங்களுக்கு உடனே தெரியும். மானிட்டரில் இருப்பதை யாராவது படித்துவிட்டுப் போனால் தெரியவே தெரியாது. காகிதத்தில் ரகசியத்தை வைக்க வங்கிக்கே ஒரு முறை தெரியும்: முக்கியமான பாஸ்வேர்டுகளைக் கவரில் போட்டு, ஒட்டு மேல் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாவி சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகத்தில் வைப்பார்கள், எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் கவுன்டர் பாஸ்வேர்டுக்கு அந்த ஏற்பாடு கிடைக்காது, பர்ஸ்தான்.

ஆபீசரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களை அதிகம் உறுத்துவது என்று கடிதத்தில் தெரிகிறது. உங்கள் பதிலைக் கொடுப்பதற்கு முதல் நாள் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "சார், நீங்கள் கொடுத்ததாகத்தான் எழுதப் போகிறேன், உங்களைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் இல்லை. லாக்கும் வவுச்சரும் அவர்கள் கையில் இருக்கிறது. நீங்களும் அதையே எழுதினால் இரண்டு பேருக்கும் நல்லது." கேட்டால் கேட்கட்டும். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். ஏழு நாள் போதவில்லை என்றால் ஆறாம் நாளுக்குள் கூடுதல் அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.